டேக் போட்டும் ‘ப்ரைஸ் ப்ளீஸ்’ என்றே கேட்கிறார்கள்

கேள்வி: சுங்குடி புடவையும் தைத்த பிளவுஸும் விற்கிறேன். சொந்த வெப்சைட் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் படத்திலேயே புராடக்ட் டேக் போட ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. அப்படியும் கமெண்டில் ‘ப்ரைஸ் ப்ளீஸ்’ என்றுதான் வருகிறது. டேக் வழியாக ஆர்டர் வருவது அபூர்வம். கேப்ஷனில் லிங்க், ‘விலைக்கு DM’, வாட்ஸ்அப் நம்பர் எல்லாம் போட்டுத்தான் பார்க்கிறேன். என்ன தப்பு?

பதில்:

இதில் இரண்டு தனிப் பிரச்சினைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. டேக் இருப்பதே பார்ப்பவர்களுக்குத் தெரியவில்லை என்பது ஒன்று. தெரிந்து, தொட்டு, பாதி வழியில் திரும்பிவிடுகிறார்கள் என்பது இன்னொன்று. முதலாவதைக் கேப்ஷனால் சரிசெய்யலாம். இரண்டாவதற்குக் கேப்ஷன் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பயனில்லை, கேட்டலாகிலும் வெப்சைட்டிலும்தான் கை வைக்க வேண்டும். ஈரோடு பக்கம் சின்னச் சின்ன ஜவுளிக் கடைகளுக்கு வெப்சைட்டும் கேட்டலாகும் பார்த்துக்கொடுப்பது ஏழு வருடமாக என் வேலை. என்னிடம் வரும் கடைகளில் பெரும்பாலும் இந்த இரண்டும் சேர்ந்தேதான் இருக்கும். ஆனால் கடைக்காரர் முதலாவதைப் பற்றி மட்டும்தான் கேட்பார், ஏனென்றால் கமெண்டில் கண்ணுக்குத் தெரிவது அதுதான்.

வாங்க நினைப்பவர் போகும் வழியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். படத்தின் கீழ் மூலையில் ஒரு சின்னப் பை அடையாளம் இருக்கும். படத்தைத் தொட்டால் பொருளின் பெயரும் விலையும் வெள்ளைப் பட்டையில் எழும். அந்தப் பட்டையைத் தொட்டால் இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே அந்தப் பொருளுக்கான பக்கம் திறக்கும். அதில் உங்கள் கேட்டலாகில் உள்ள படங்களும் விவரமும் வரும். அங்கிருந்து View on website என்ற பொத்தானை அழுத்தினால்தான் உங்கள் வெப்சைட் வரும். அதற்கப்புறம்தான் கூடை, முகவரி, பணம். இந்தியாவில் பணம் கட்டுவது கடைசியில் உங்கள் வெப்சைட்டில்தான் நடக்கிறது. ஆக டேக் என்பது ‘நேரடியாக வாங்குவது’ என்று பேருக்குச் சொன்னாலும், கடைவாசலுக்குக் கொண்டுபோய் விடும் நாலைந்து படிதான். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பேர் இறங்கிப் போவார்கள்.

எந்தப் படியில் இறங்குகிறார்கள் என்று ஊகிக்க வேண்டியதில்லை. டேக் போட்ட பதிவின் இன்சைட்ஸில், பொருளின் பக்கத்தை எத்தனை பேர் திறந்தார்கள், வெப்சைட் பொத்தானை எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று இரண்டு எண்களும் தனித்தனியாக இருக்கும். முதல் எண்ணே ரொம்பக் குறைவு என்றால் டேக் கண்ணில் படவில்லை, கேப்ஷனைப் பாருங்கள். முதல் எண் நன்றாக இருந்து இரண்டாவது எண் விழுந்துகிடந்தால் கேட்டலாக் பக்கம் ஏமாற்றுகிறது. இரண்டும் நன்றாக இருந்து ஆர்டர் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு வெப்சைட்டில். கேட்டலாகில் கொடுக்கும் லிங்கின் வாலில் கீழே உள்ளதுபோல ஒரு அடையாளம் சேர்த்துவிட்டால், வெப்சைட்டின் கணக்கிலும் டேக் வழியாக வந்தவர்களைத் தனியாகப் பார்க்கலாம்.

```
https://example.com/p/sungudi-042?utm_source=instagram&utm_medium=product_tag
```

முதலில் கேட்டலாக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டேக்கில் தெரியும் ஒவ்வொரு எழுத்தும் அங்கிருந்துதான் வருகிறது. Commerce Manager-இல் உங்கள் ஒவ்வொரு புடவையும் ஒரு வரியாக இருக்கும். ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் போன்றவற்றிலிருந்து தானாக ஏறினாலும், ஷீட்டாக நீங்களே ஏற்றினாலும், அந்த வரியின் உள்ளே இருப்பது இவ்வளவுதான்:

```
id: SGD-042
title: வெங்காய நிறச் சுங்குடி, கட்டம் போட்ட முந்தி
description: (துணி, நீளம், துவைக்கும் முறை)
availability: in stock
condition: new
price: 1450 INR
link: (புடவையின் பக்கம்)
image_link: (முதல் படம்)
brand: (உங்கள் கடை)
```

நிறையப் பேர் title-இல் கடையின் பில் புத்தகத்தில் உள்ளதை அப்படியே போட்டுவிடுகிறார்கள்: ‘SGD-042 Cotton Saree Premium Quality’. படத்தைத் தொட்டவருக்குப் பட்டையில் தெரிவது இதன் முதல் சில சொற்கள் மட்டும். ‘SGD-042 Cott…’ என்று பார்த்தால் யாருக்கும் அடுத்த தொடுதல் வராது. எந்தப் புடவை என்று கண் அடையாளம் காணும் சொல், அதாவது நிறமோ கட்டமோ புள்ளியோ, முதலில் வரட்டும். எண்ணை id-இல் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குத்தான் அது இருக்கிறது.

அந்த id விஷயத்தில் ஒரு கதை சொல்ல வேண்டும், ஏனென்றால் கைத்தறியும் ஒற்றைப் பீஸும் விற்பவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது இதில் விழுகிறார்கள். நான் பார்த்துக்கொண்ட ஒரு கடையில், விற்றுப்போன புடவையின் வரியை அழிக்காமல், அதே வரியில் புதுப் புடவையின் பெயர், படம், விலையை மாற்றி எழுதிவந்தார்கள். வேலை மிச்சம் என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அப்போது எனக்கும் உறைக்கவில்லை. டேக் பிடித்துக்கொண்டிருப்பது id-ஐத்தான். அதனால் ஆறு மாதத்துக்கு முந்தைய பச்சைப் புடவைப் படத்தைத் தொட்டால் அரக்கு நிறப் புடவையும் அதன் விலையும் எழுந்தது. ஒரு அம்மா பச்சை என்று நினைத்து ஆர்டர் செய்து, அரக்கு வந்ததும் போன் செய்து கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. ஒரு id ஒரு பொருளுக்கு மட்டும்தான். விற்றுப்போனால் availability-ஐ out of stock என்று மாற்றுங்கள், அந்த எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்காதீர்கள். அதே டிசைன் நாலு நிறத்தில் இருந்தால், ஒவ்வொரு நிறத்துக்கும் தனி id கொடுத்து item_group_id என்ற ஒன்றால் நாலையும் கட்டிவிடலாம். பச்சை தீர்ந்தாலும் பழைய படத்திலிருந்து வருபவருக்கு மற்ற மூன்று நிறம் கண்ணில் படும்.

ஷீட் வழியாக ஏற்றுகிறீர்கள் என்றால் எத்தனை மணிக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படுகிறது என்றும் பாருங்கள். நாளுக்கு ஒருமுறை என்று வைத்திருந்தால், காலையில் விற்ற ஒற்றைப் பீஸ் அன்று முழுவதும் டேக்கில் ‘இருக்கிறது’ என்றே சொல்லும். உள்ளே வந்தவருக்கு வெப்சைட் ‘இல்லை’ என்று சொல்லும். மணிக்கு ஒருமுறை என்று மாற்றிக்கொள்ளலாம், தனிச் செலவில்லை.

சரி, கேப்ஷன். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் கேப்ஷன் ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘🌸🌸 புது வரவு!! 🌸🌸 பியூர் காட்டன் சுங்குடி சேலைகள். விலைக்கு DM செய்யவும். வாட்ஸ்அப் நம்பர். வெப்சைட் லிங்க். பயோவிலும் லிங்க் உள்ளது.’ கீழே வரிசையாக ஹேஷ்டேக். இதில் ஒரு இடத்தில்கூடப் படத்தைத் தொடச் சொல்லவில்லை. விலைக்கு DM செய்யச் சொல்லிவிட்டு, ஏன் ‘ப்ரைஸ் ப்ளீஸ்’ என்று கேட்கிறார்கள் என்றால், நீங்கள் சொன்னதைத்தான் செய்கிறார்கள். கேப்ஷனில் ஒட்டிய வெப்சைட் முகவரியைத் தொட்டாலும் திறக்காது, அது வெறும் எழுத்து. அதைத் தொட்டுப் பார்த்து ஏமாந்தவர் அடுத்து டேக்கைத் தேடப் போவதில்லை.

டேக் ஏற்கெனவே இரண்டு விஷயம் சொல்கிறது: இது என்ன, எவ்வளவு. கையில் தொட்டுப் பார்த்தால் தெரியக்கூடியதை அது சொல்லாது. கேப்ஷனின் வேலை அங்கேதான் இருக்கிறது. கடையில் ஒருவர் புடவையை விரித்துப் பார்க்கும்போது என்னென்ன கேட்பார் என்று உங்களுக்கே தெரியும்: துணி கனமா, பிளவுஸ் துணி சேர்ந்தே வருமா, சாயம் போகுமா, படத்தில் தெரியும் நிறம்தானா, எப்போது கைக்கு வரும். இந்த ஐந்தில் மூன்றுக்குப் பதில் இருந்தாலே போதும். நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

‘வெங்காய நிறச் சுங்குடி, முந்தியில் மட்டும் கட்டம். படத்தைத் தொட்டால் விலையும் வாங்கும் வழியும் வரும்.

கஞ்சி போடாமலே நிற்கும் துணி, வெயிலுக்கு உடுத்தலாம். ஐந்தரை மீட்டர் புடவை, அதோடு 80 சென்டிமீட்டர் பிளவுஸ் துணி. நேரில் நிறம் இதைவிடக் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும், மாலை வெளிச்சத்தில் எடுத்த படம். முதல் இரண்டு தண்ணீரில் சாயம் கொஞ்சம் இறங்கும், உப்புத் தண்ணீரில் தனியாக அலசுங்கள்.

அவர் போட்டிருக்கும் தைத்த பிளவுஸ் தனி விலை, அதையும் டேக் செய்திருக்கிறோம். தோடு எங்களுடையது இல்லை.’

முதல் பத்தியை ஏன் இப்படி வைத்தேன் என்றால், கேப்ஷன் மொத்தமாக 2,200 எழுத்து வரை போகலாம், ஆனால் திறக்காமல் கண்ணுக்குத் தெரிவது மேலே இருக்கும் ஒன்றிரண்டு வரிதான். தமிழ் எழுத்து அகலமானது. ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியம் அடங்கும் இடத்தில் நமக்கு ஆறேழு சொல் அடங்கும். அந்த இடத்தைப் பூ எமோஜிக்கும் ‘புது வரவு’க்கும் கொடுத்துவிட்டால் பொருளின் பெயரே ‘more’ என்பதற்குப் பின்னால் போய்விடும். படத்தைத் தொடச் சொல்லும் வரியும் மேலேயே இருக்க வேண்டும். எல்லாருக்கும் இது தெரியும் என்று நினைக்காதீர்கள். நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் வாடிக்கையாளர்களில் நிறையப் பேர் அந்தப் பை அடையாளத்தை என்னவென்றே பார்த்ததில்லை.

கடைசிப் பத்தியில் பிளவுஸையும் தோட்டையும் பற்றிச் சொன்னது அலங்காரத்துக்கு அல்ல. ஒரு பெண் புடவை கட்டி நிற்கும் படத்தைப் பார்ப்பவர், அவர் மேல் இருப்பதெல்லாம் சேர்ந்தே வரும் என்றுதான் நினைப்பார். டேக் ஒரே புடவைக்கு மட்டும் இருந்தால் அந்த நினைப்பைத் திருத்த எதுவும் இல்லை, பிறகு பார்சல் பிரித்த அன்று சண்டை வரும். ஒரு படத்தில் பல பொருள்களை டேக் செய்யலாம் என்பதற்காக எல்லாவற்றையும் போட வேண்டும் என்பதில்லை. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எதையும் படிக்க முடியாமல் போகும். ஒரு படத்துக்கு இரண்டு என்பது எனக்குப் பிடித்த அளவு. புடவை டேக்கை இடுப்புக்குக் கீழே மடிப்பின் மேல் வையுங்கள், பிளவுஸ் டேக்கைத் தோளில் வையுங்கள். முகத்தின் மேல் வைக்காதீர்கள், ஓரத்தில் ஒட்டியும் வைக்காதீர்கள். பல படங்களை ஒரே பதிவில் போட்டால் முதல் படத்தில் கட்டாயம் டேக் இருக்கட்டும். பாதிப் பேர் நகர்த்தியே பார்க்க மாட்டார்கள்.

விலையைக் கேப்ஷனிலும் எழுதலாமா என்பதில் என்னைப் போன்றவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. எழுதக்கூடாது என்பவர்கள் சொல்லும் காரணம் நியாயமானது: கேட்டலாகில் விலையை மாற்றினால் பழைய பதிவுகளின் டேக் எல்லாம் தானாக மாறிவிடும், கேப்ஷன் மாறாது. தீபாவளித் தள்ளுபடி முடிந்தும் கேப்ஷனில் பழைய விலை நிற்கும், அதைக் காட்டிச் சண்டைக்கு வருவார்கள். இருந்தாலும் நான் எழுதலாம் என்ற கட்சி. நம் ஊரில் புடவை வாங்குவது ஒருவர் முடிவு செய்யும் காரியம் இல்லை. பிடித்த படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அக்காவுக்கும் அம்மாவுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். ஸ்கிரீன்ஷாட்டில் டேக் போகாது. கேப்ஷனின் மேல் இரண்டு வரி போகும். அதில் பொருளின் பெயரும் விலையும் இருந்தால் அந்த அக்கா அதே பெயரை உங்கள் வெப்சைட்டில் போட்டுத் தேடி எடுத்துவிடுவார். அதற்காகத்தான் கேப்ஷனில், டேக்கில், வெப்சைட்டில் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று நச்சரிப்பேன். கேப்ஷனில் ‘வெங்காய நிறம்’, டேக்கில் ‘ஆனியன் பிங்க்’, வெப்சைட்டில் ‘SGD-042’ என்றால் மூன்றும் மூன்று புடவை. எனவே சீசன் முழுக்க மாறாத விலை என்றால் முதல் வரியிலேயே எழுதுங்கள். தள்ளுபடி என்றால் எழுதாதீர்கள், அதை கேட்டலாகின் sale_price பார்த்துக்கொள்ளட்டும்.

விலையை மறைத்து DM-க்கு வரவழைத்தால் பேசி விற்றுவிடலாம் என்ற எண்ணம் இருந்தால், டேக்கை எடுத்துவிடுவதே மேல். இரண்டும் ஒரே பதிவில் ஒத்துப்போகாது. மேலும் வெப்சைட்டில் விற்கும் கடைக்கு எல்லாக் கட்டணமும் சேர்ந்த விலை, திருப்பி எடுக்கும் நிபந்தனை, டெலிவரி விவரம் இவற்றைக் காட்டும் கடமை 2020-ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படியே இருக்கிறது. எப்படியும் காட்ட வேண்டிய விலையை ஒளித்துவைப்பதில் லாபமில்லை.

வாட்ஸ்அப் நம்பரைக் கேப்ஷனிலிருந்து எடுக்கச் சொன்னால் எல்லாரும் பதறுவார்கள். ஒரேயடியாக விடச் சொல்லவில்லை. அது பயோவில் இருக்கட்டும், பொருளின் பக்கத்தில் ‘சந்தேகம் கேட்க’ என்று இருக்கட்டும். ஒரு கேப்ஷனில் வாங்கும் வழி ஒன்றுதான் இருக்க வேண்டும். நாலு வழி கொடுத்தால், ஆளுக்கு எது பழக்கமோ அதைப் பிடிப்பார்கள், நம் ஊரில் அது எப்போதும் வாட்ஸ்அப்தான். அப்புறம் டேக் வழியாக ஆர்டர் வரவில்லை என்று வருத்தப்படக் கூடாது.

‘ப்ரைஸ் ப்ளீஸ்’ என்று இன்னும் சில மாதம் வரத்தான் செய்யும். அவர்களுக்கு DM அனுப்பாமல் கமெண்டிலேயே பதில் எழுதுங்கள்: ‘1,450 ரூபாய். படத்தைத் தொட்டால் வாங்கும் பக்கம் வரும்.’ அந்தப் பதிலைக் கேள்வி கேட்டவரைவிட அடுத்து வந்து பார்ப்பவர்கள்தான் அதிகம் படிப்பார்கள். முடிந்தால் நீங்களே ஒரு கமெண்டாக அதைப் போட்டு மேலே பின் செய்துவிடுங்கள்.

வெப்சைட் பக்கம் ஒரே ஒரு சோதனை சொல்கிறேன். உங்கள் கடைக் கணக்கிலிருந்து வெளியே வந்து, வீட்டில் வேறொருவரின் போனை வாங்கி, அவர் கணக்கில் உங்கள் பதிவைத் திறந்து, டேக்கைத் தொட்டு, பணம் கட்டும் வரை போய் ஒரு பிளவுஸ் வாங்குங்கள். டேக்கிலிருந்து போனால் வெப்சைட் குரோமில் திறக்காது, இன்ஸ்டாகிராமுக்கு உள்ளேயே இருக்கும் ஒரு சின்ன பிரவுசரில் திறக்கும். அங்கே வெப்சைட் நினைவில் வைத்திருந்த லாகின் இருக்காது. ‘முதலில் கணக்குத் தொடங்குங்கள்’ என்று உங்கள் வெப்சைட் கேட்டால் அங்கேயே போய்விடுவார்கள். அதைவிட மோசம், UPI-ஐ அழுத்தியதும் பணம் கட்டும் செயலி திறக்காமல் வெறுமனே சுற்றிக்கொண்டிருப்பது. உங்கள் போனில் குரோமில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் நடக்கும், அதனால் கடைக்காரருக்கு இது வருடக்கணக்கில் தெரியாமலே இருக்கும். செயலி திறக்கவில்லை என்றால், QR, கேஷ் ஆன் டெலிவரி என்று வேறு ஏதாவது ஒரு வழி அதே பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள்; இல்லையென்றால் பேமென்ட் கேட்வேக்காரரிடம் ‘இன்ஸ்டாகிராம் உள் பிரவுசரில் UPI திறக்கவில்லை’ என்று இதே சொற்களில் சொல்லுங்கள், அவர்களுக்குப் பழக்கமான புகார்தான்.

மேலே சொன்ன டேக்கின் வேலைமுறை, id, கேப்ஷனில் லிங்க் திறக்காது என்பதெல்லாம் உறுதியானவை, நீங்களே பத்து நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம். ஒரு படத்துக்கு இரண்டு டேக், விலையை மேலே எழுதுவது இரண்டும் புடவைக் கடைகளில் நான் கண்டு வைத்திருக்கும் பழக்கம், அவ்வளவுதான். நகைக்கோ சமையல் பொருளுக்கோ அது மாறலாம். டேக் போட்டால் பதிவு நிறையப் பேருக்குப் போகாது என்று ஒரு பேச்சு உண்டு. என் கடைகளில் டேக் போட்டதும் போடாததும் மாற்றி மாற்றிப் பார்த்தேன், நம்பும்படியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஒரு வாரம் ஏறும், ஒரு வாரம் இறங்கும். பத்துப் பதிவை வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் பதிவு ஒவ்வொன்றும் கேட்டலாக் மாதிரி வெள்ளைப் பின்னணியில் மடித்த புடவையாக ஆகிவிட்டால் பார்ப்பவர்கள் குறைவார்கள், அதற்கு டேக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

வேலையைப் புதுப் பதிவிலிருந்து தொடங்காதீர்கள். இதுவரை அதிகம் பேர் சேமித்துவைத்த பத்துப் பதிவுகளை எடுத்து, அதில் இப்போதும் ஸ்டாக் இருப்பவற்றை மட்டும் பிரித்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் Edit போய் Tag products மூலம் டேக்கைச் சரியான id-இல் வைத்து, மேல் இரண்டு வரியை மட்டும் மாற்றி எழுதுங்கள். மாற்றும் முன் அந்தப் பதிவின் இன்சைட்ஸ் எண்களை ஒரு தாளில் குறித்துவைத்து, மூன்று வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். இரண்டு எண்களில் எது அசைந்தது, எது அசையவில்லை என்று இங்கேயே எழுதினால் அடுத்து எங்கே கை வைக்கலாம் என்று பார்க்கலாம்.